வண்டியை விற்றாலும் கடன் அடையாத நிலை

கேள்வி: 2025 பிப்ரவரியில் 10 லட்சம் ரூபாய் கடனில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். ஏழு ஆண்டுத் தவணை, 9.5% நிலையான வட்டி. 12 டியூ, அதாவது ஏறக்குறைய 1.96 லட்சம் ரூபாய், தவறாமல் கட்டிவிட்டேன். அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்துவிட்டதால் ஏழு பேர் அமரும் வண்டி தேவைப்படுகிறது. விற்கப் போனால் 6.70 லட்சத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை; வங்கியிலோ அசல் பாக்கி 8.94 லட்சம் என்கிறார்கள். இவ்வளவு கட்டியும் ஏன் இப்படி? பழைய பாக்கியை எப்படியாவது சரிக்கட்டிப் புது வண்டி எடுத்துத் தருவதாக ஷோரூமில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. வங்கி ஒன்றின் வாகனக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அதற்கான காரணத்தை உங்கள் கணக்கைக் கொண்டே விளக்குகிறேன்.

வண்டியின் சந்தை மதிப்பைவிடக் கடன் பாக்கி கூடுதலாக இருக்கும் இந்த நிலையைக் கடன் துறையில் நெகட்டிவ் ஈக்விட்டி என்பார்கள். உங்களுக்கு அது இன்று 2.24 லட்சம் ரூபாய். ஆனால் இது இந்த ஓராண்டில் உருவானதன்று. வண்டியை எடுத்த அன்றே தொடங்கிவிட்டது. ஷோரூம் கொடுத்த விலைப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். கார் உங்கள் கைக்கு வந்தபோது ஆன்ரோடு விலை 10.70 லட்சம் அளவில் இருந்திருக்கும்; அதில் காருக்கென்று உள்ள எக்ஸ் ஷோரூம் விலை 8.80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதியில் பெரும்பகுதி தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரி. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு அது 13%, அதாவது 1,14,400 ரூபாய். அதற்கு மேல் காப்பீடு ஒரு 45,000 ரூபாய். பதிவுக் கட்டணம், சீட் கவர், கூடுதல் வாரண்டி என்று இன்னொரு 30,000 ரூபாய். நீங்கள் கையிலிருந்து கட்டியது 70,000 ரூபாய் மட்டுமே. ஆகவே சாவி வாங்கிய நிமிடத்தில் உங்கள் கடன் 10 லட்சம், காரின் விலை 8.80 லட்சம். ஒரு கிலோமீட்டர்கூட ஓடுவதற்கு முன்பே 1.20 லட்சம் ரூபாய் பள்ளம் விழுந்துவிட்டது.

சாலை வரி வண்டியோடுதானே இருக்கிறது, அதற்கு மதிப்பில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டுக்குள் வாங்குபவருக்கு அது ஓரளவு பயன்தான். ஆனால் பழைய வண்டியை வாங்க வருபவர் அதைத் தனியாக எண்ணிப் பணம் தருவதில்லை. மொத்த வண்டிக்கு ஒரே விலையாகத்தான் பேசுவார். கூடுதல் வாரண்டிக்கும் சீட் கவருக்கும் கிடைப்பது இன்னும் குறைவு.

அடுத்தது தவணைக் கணக்கு. 10 லட்சத்துக்கு 9.5% வட்டியில் 84 மாதங்களுக்கு மாதம் 16,344 ரூபாய் வருகிறது. முதல் மாதத் தவணையில் 7,917 ரூபாய் வட்டிக்குப் போய்விட, அசலில் கழிந்தது 8,427 ரூபாய்தான். மாதம் ஆக ஆக அசலின் பங்கு சிறிது சிறிதாகக் கூடும் என்றாலும், 12ஆவது தவணையில்கூட 7,153 ரூபாய் வட்டிதான். ஆகவே ஓராண்டில் நீங்கள் கட்டிய 1,96,128 ரூபாயில் 90,478 ரூபாய் வட்டியாகப் போய், அசல் 1,05,650 ரூபாய் மட்டுமே குறைந்திருக்கிறது. வங்கி தவறு செய்யவில்லை. நீண்ட தவணையின் இயல்பே இது. மாதச் சுமை குறைவாக இருக்கட்டும் என்று ஐந்து ஆண்டை ஏழாக நீட்டும்போது, கடன் மெதுவாக இறங்குகிறது. வண்டியின் விலையோ முதல் ஆண்டுகளில்தான் வேகமாக இறங்குகிறது.

உங்கள் விஷயத்தில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி குறைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு அதுவரை 28% வரியும் 1% செஸ் வரியும் இருந்தன. அவை 18% ஆயின. வரி நீங்கிய அளவு விலையும் குறைந்தது என்று கொண்டால், நீங்கள் 8.80 லட்சத்துக்கு வாங்கிய அதே மாடலின் புதிய வண்டி ஏறத்தாழ 8.05 லட்சத்துக்கு வந்துவிட்டது. பழைய காரை வாங்க வருபவர் உங்கள் பில்லைப் பார்ப்பதில்லை. இன்றைய புது வண்டியின் விலையிலிருந்துதான் கழித்துக்கொண்டு வருகிறார். ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட்ட 6.70 லட்சம் அநியாயமான விலையன்று. 8.80 லட்சத்தோடு ஒப்பிட்டால் 24 சதவீத வீழ்ச்சியாகத் தெரியும் அது, 8.05 லட்சத்தோடு ஒப்பிட்டால் 17 சதவீதமே. இன்னும் நான்கு பேரிடம் விசாரித்தால் பத்து, இருபதாயிரம் கூடலாம். இரண்டு லட்சம் கூடாது.

இப்போது ஷோரூம் சொல்லும் வழிக்கு வருகிறேன். பாக்கியைச் சரிக்கட்டுவது என்ற சொல் இதமாக இருக்கிறது, ஆனால் பாக்கி எங்கும் போவதில்லை. முதலில் உங்கள் பழைய கடனை முன்கூட்டி அடைக்க வேண்டும். மிதக்கும் வட்டியில் சொந்தத் தேவைக்குக் கடன் வாங்கிய தனிநபரிடம் முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. உங்களுடையது நிலையான வட்டி. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதியுள்ள கட்டணம் உண்டு. அது 4% என்று வைத்தால் 35,774 ரூபாயும், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 6,439 ரூபாயும் சேர்ந்து 42,213 ரூபாய். 2.24 லட்சத்தோடு இதையும் கூட்டினால் கடனை முடிக்க உங்கள் கையிலிருந்து வேண்டியது 2,66,563 ரூபாய். ஷோரூம் 30,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் போனஸ் தந்தாலும் ஏறக்குறைய 2.37 லட்சம் மிச்சமிருக்கும். புது வண்டிக்கான கடனை அதன் ஆன்ரோடு விலைக்கு மேல் வங்கிகள் பொதுவாகத் தருவதில்லை என்பதால், இந்த 2.37 லட்சத்தைத் தனிநபர் கடனாக ஏற்பாடு செய்து தருவார்கள். 13% வட்டியில் ஐந்து ஆண்டுக்கு அது மாதம் சுமார் 5,390 ரூபாய்.

புது வண்டியின் எக்ஸ் ஷோரூம் விலை 12.20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்தைத் தாண்டியதால் சாலை வரி 18% ஆகிவிடும். அது மட்டுமே 2.20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. காப்பீடும் மற்றவையும் சேர்த்து ஆன்ரோடு 15 லட்சம். முன்பணம் உங்களிடம் இல்லாததால் 15 லட்சமும் கடன். ஏழு ஆண்டுக்கு மாதம் 24,516 ரூபாய். இரண்டு கடனும் சேர்ந்து மாதம் 29,900 ரூபாய், இப்போது கட்டுவதைவிட 13,500 ரூபாய் கூடுதல். அதைவிட முக்கியமானது, அன்று உங்கள் மொத்தக் கடன் 17.37 லட்சமாகவும் வாசலில் நிற்கும் வண்டியின் விலை 12.20 லட்சமாகவும் இருக்கும். இன்று 2.24 லட்சமாக உள்ள பள்ளம் முதல் நாளே 5.17 லட்சமாகிவிடும். அமெரிக்காவில் பழைய வண்டியின் பாக்கியைப் புதுக் கடனிலேயே ஏற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அங்கே ஒரே கடனாக நடப்பது நம் ஊரில் இரண்டு கடனாக நடக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படியானால் என்ன செய்வது? ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பள்ளம் இரண்டே தருணங்களில்தான் பணமாக உங்கள் கையைவிட்டுப் போகும். ஒன்று, வண்டியை நீங்கள் விற்கும்போது. மற்றொன்று, வண்டி திருடு போகும்போதோ சரிசெய்ய முடியாத அளவு நொறுங்கும்போதோ. விற்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் கடன் பாக்கி வண்டியின் விலைக்குக் கீழே இறங்கியே தீரும். வண்டியின் விலை இனி ஆண்டுக்கு 10% குறையும் என்று எடுத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டாம் ஆண்டு முடிவில் பாக்கி 7.78 லட்சம், வண்டி 6.03 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் 6.51 லட்சமும் 5.43 லட்சமும். நான்காம் ஆண்டு முடிவில் வேறுபாடு 22,000 ரூபாய்தான். அதற்கடுத்த மூன்று, நான்கு மாதங்களில் இரண்டும் சமமாகி, பிறகு வண்டியில் உங்களுக்கென்று பங்கு சேரத் தொடங்கும். விலை வீழ்ச்சி என் ஊகம்தான். அதிகம் ஓடிய வண்டியாகவோ நிறுத்தப்பட்ட மாடலாகவோ இருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

இந்த நான்கு ஆண்டை வெகுவாகச் சுருக்க முடியும். புது வண்டிக்காக மாதம் 13,500 ரூபாய் கூடுதலாகக் கட்டத் தயாராக இருந்தீர்கள் என்றால், அதில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்தாலே 1 லட்சம் ரூபாய் திரட்டிவிடலாம். அந்த 1 லட்சத்தை இன்றே அசலில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால் இரண்டாம் ஆண்டு முடிவில் பாக்கி 6.68 லட்சமாகவும் மூன்றாம் ஆண்டு முடிவில் 5.30 லட்சமாகவும் இருக்கும். அதாவது மூன்றாம் ஆண்டு முடிவதற்குள்ளேயே கடன் வண்டியின் விலைக்குக் கீழே வந்துவிடும். தவணைகள் பத்து மாதம் முன்னதாக முடியும். வட்டியில் சுமார் 70,000 ரூபாய் மிஞ்சும். சில மாதம் தள்ளிக் கட்டினால் பயன் அதற்கேற்பச் சற்றுக் குறையும். கட்டும்போது வங்கியில் தவணைக் காலத்தைக் குறையுங்கள், தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் தொகையைக் குறைத்துவிடும் வங்கிகளும் உண்டு. பகுதி அடைப்புக்கும் கட்டணம் இருக்கலாம், ஓர் ஆண்டில் இத்தனை சதவீதம்தான் என்ற வரம்பும் இருக்கலாம். இரண்டுமே நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும்.

இரண்டாவது தருணம் பற்றித்தான் எனக்கு உண்மையில் கவலை, ஏனெனில் அது உங்கள் முடிவில் இல்லை. நான் வேலையில் இருந்தபோது ஒருவர் தம் கார் திருடு போன பிறகும் மாதாமாதம் கிளைக்கு வந்து டியூ கட்டிக்கொண்டிருந்தார். வண்டி கிடைக்கவில்லை என்று காவல்துறை சான்று தரும் வரை காப்பீட்டுத் தொகை வராது. அதுவரை தவணை நிற்காது. கடைசியில் காசோலை வந்தபோது அது வங்கியின் பெயருக்கு வந்தது. காப்பீட்டுப் பத்திரத்தில் கடன் கொடுத்தவரின் உரிமை பதிவாகியிருப்பதால் முதல் பங்கு வங்கிக்குத்தான். அது போக, இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் பாக்கி இருந்தது. இல்லாத வண்டிக்கு அவர் அதையும் கட்டி முடித்தார். அவர் என் மேசை முன் உட்கார்ந்து, பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஏன் அப்படி என்றால், காப்பீட்டு நிறுவனம் வண்டிக்கு வைக்கும் ஐடிவி என்ற மதிப்பு, எக்ஸ் ஷோரூம் விலையிலிருந்து வண்டியின் வயதுக்கேற்பக் கழித்து வருவது. ஓராண்டைத் தாண்டி இரண்டாண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு 20%, மூன்றாண்டு வரை 30%, நான்காண்டு வரை 40%, ஐந்தாண்டு வரை 50% என்று கழிப்பார்கள். சாலை வரியும் பதிவுச் செலவும் அதில் சேராது. விலை குறைந்துவிட்ட உங்கள் மாடலுக்கு இன்றைய 8.05 லட்சத்தில் 20% கழித்தால் ஐடிவி 6.44 லட்சம். 18ஆவது மாதத்தில் வண்டி போய்விட்டது என்று வைத்தால் அன்றைய கடன் பாக்கி 8.38 லட்சம், 1.94 லட்சம் உங்கள் தலையில். விபத்திலும் இதே கணக்குதான்: பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதி ஐடிவியைத் தந்து கணக்கை முடிப்பார்கள்.

இதற்கு இருக்கும் மருந்து ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் காப்பீடு. முழு இழப்பு ஏற்பட்டால் ஐடிவிக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாட்டை அது தரும். பல நிறுவனங்கள் மூன்று ஆண்டு வரையுள்ள வண்டிக்கு இதைத் தருகின்றன. உங்கள் பாலிசி புதுப்பிக்கும் நேரம் இதுவே என்பதால், தாமதிக்காமல் கேளுங்கள். காலாவதியாக விட்டுவிட்டால் பிறகு சேர்ப்பது கடினம். ஆனால் பிரீமியத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட வேண்டாம். பாலிசி வாசகத்தில் இரண்டு இடங்களைப் படியுங்கள். சாலை வரியும் பதிவுச் செலவும் அதில் சேருமா என்பது ஒன்று. மற்றொன்று, உங்கள் பழைய பில் விலை, அதே மாடலின் இன்றைய விலை, இவற்றில் எது குறைவோ அதுதான் தரப்படும் என்ற வரி இருக்கிறதா என்பது. பல பாலிசிகளில் அந்த வரி இருக்கிறது. ஜிஎஸ்டி குறைந்த பிறகு உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி 75,000 ரூபாய் பெறுமானம்: பில் விலை 8.80 லட்சமும் சாலை வரியும் கிடைத்தால் கடன் முழுதும் அடைந்து கையில் மிஞ்சும். இன்றைய விலை 8.05 லட்சம் மட்டும் என்றால் 18ஆவது மாதத்தில் அப்போதும் 33,000 ரூபாய் குறையும்.

பெற்றோரின் தேவை தள்ளிப்போட முடியாதது என்றால், அதாவது நாள்தோறும் எழுவரும் சேர்ந்து போக வேண்டியிருக்கிறது என்றால், விற்பதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளத்தைச் சேமிப்பிலிருந்தோ நகைக்கடனிலிருந்தோ நிரப்பி, பழைய கடனை முழுதாக முடித்துவிட்டு, ஏழு இருக்கை கொண்ட நல்ல பழைய வண்டியாக வாங்குங்கள். அதன் முதல் ஆண்டுகளின் விலை வீழ்ச்சியை வேறொருவர் ஏற்றிருப்பார். மாதத்தில் இரண்டு முறை கோயிலுக்கும் ஊருக்கும் போகத்தான் என்றால், அந்த இரண்டு நாளுக்கு வாடகை வண்டி எடுப்பது 13,500 ரூபாயில் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.

விற்பதாக முடிவெடுத்தால் வரிசை முக்கியம். முதலில் வங்கியில் கடனை முடிப்பதற்கான தொகைக் கடிதம் வாங்குங்கள். அதில் எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும், அதன் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி என்று இருக்கும். வாங்குபவர் தன் 6.70 லட்சத்தை உங்களிடம் தராமல் உங்கள் கடன் கணக்கிலேயே நேராகச் செலுத்தட்டும். மீதியை நீங்கள் செலுத்துங்கள். அதன் பிறகுதான் வங்கி தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35ம் தரும். அவற்றைக் கொண்டு வண்டி கடனில் இருப்பதைக் காட்டும், பதிவுச் சான்றிதழில் உள்ள எச்.பி. பதிவை நீக்கிய பிறகு, படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றம் நடக்க வேண்டும். கடன் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆவது பிரிவு இடம் தருவதில்லை.

இவ்வளவு அலைச்சல் எதற்கு, வண்டியைக் கொடுங்கள், மீதி டியூவை நான் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் நிச்சயம் வருவார். பள்ளத்தில் இருப்பவருக்கு அது வரம்போலத் தோன்றும், கையிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டியதில்லையே. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அவர் மூன்றாம் மாதம் நிறுத்தினால் தவறிய தவணை உங்கள் சிபில் கணக்கில்தான் ஏறும். அவர் யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீட்டு வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும். பெயர் மாற்றாமல் வண்டியைக் கைமாற்றியிருந்தாலும், பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியை வங்கியிடமே ஒப்படைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று நினைப்பவர்களும் உண்டு. வங்கி அதை ஏலத்தில் விற்கும், ஏலத்தில் 6.70 லட்சம்கூடக் கிடைக்காது. கடனுக்குக் குறையும் தொகையை உங்களிடமே கேட்கும்.

ஆகவே இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு: பாலிசி புதுப்பிப்பில் அந்தக் கூடுதல் காப்பீட்டின் வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது, கடன் ஒப்பந்தத்தில் பகுதி அடைப்பு பற்றிய பத்தியைத் தேடிப் பார்ப்பது. அந்தப் பத்தியில் உள்ள கட்டண விகிதத்தையும் ஆண்டு வரம்பையும் இங்கே எழுதினால், எந்த மாதத்தில் எவ்வளவு கட்டுவது உங்களுக்கு மிகவும் இலாபம் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.